மூன்று விளம்பரம் போட்டும் எது வென்றது என்று தெரியவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுது தேடும் முறை

பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டிலிருந்தே பொருள் செய்து விற்கிறவர்களுக்கு பேஸ்புக் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் பகுதிநேர வேலை. தூள், ஒடியல் மா, கருவாடு, தையல் என்று பொருள் மாறும். பழுது மட்டும் மாறாது. "தம்பி, மூண்டு வீடியோ போட்டனான். எது நல்லம் எண்டு பிடிபடேல்லை." விளம்பரத்தில் பிழை இருப்பதில்லை. சோதித்த விதத்தில்தான் பிழை. திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் கை வைக்க வேண்டி வந்தது, அதனால் எழுதி வைக்கிறேன்.

எல்லா அறிகுறிக்கும் ஒரே உதாரணத்தை எடுக்கிறேன். பரந்தனில் ஒரு அக்கா செத்தல், மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் வறுத்து அரைத்துத் தூள் விற்கிறார். விளம்பரத்தை அழுத்தினால் வட்ஸ்அப் திறக்கும், அதில் பேசி ஓடர் எடுப்பார். அவருக்காக மூன்று கருக்களில் வீடியோ எடுத்தோம்.

"அடுப்பு": தாச்சியில் செத்தல் வறுபடும் காட்சி, அம்மாவின் கைப்பக்குவம் என்ற எண்ணம்.

"பெட்டி": வெளிநாடு போகிறவரின் பயணப்பெட்டியில் தூள் பக்கெற் அடுக்கும் காட்சி.

"சுளகு": சுளகில் சரக்குகளைப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று சொல்லும் காட்சி. கலப்படம் இல்லை என்பதுதான் அதன் பேச்சு.

கருவைச் சோதிக்கும்போது கரு மட்டும்தான் மாற வேண்டும். வீடியோ மூன்றும் 15 வினாடி, ஒரே அளவுச் சட்டம், ஒரே குரல், கடைசியில் ஒரே விலை வரி, கீழே ஒரே எழுத்து. ஒரு கரு வென்ற பிறகு அதற்குள்ளே முதல் மூன்று வினாடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், பிறகு எழுத்தின் முதல் வரி, பிறகு சலுகை. கரு தெரியாமல் முதல் வரியைத் திருத்திக்கொண்டிருந்தால் காசுதான் போகும்.

கீழே வரும் திரைப் பெயர்களைப் பேஸ்புக் அடிக்கடி மாற்றும். பெயர் அப்படியே இல்லாவிட்டாலும் அதே இடத்தில் தேடினால் கிடைக்கும்.

## அறிகுறி 1: காசு முழுவதும் ஒரே விளம்பரத்துக்குப் போகிறது

முதல் தடவை அக்கா தானே போட்டார். நாளுக்கு 5 டொலர், மூன்று நாள். செலவைப் பார்த்தால் அடுப்புக்கு 11.80, பெட்டிக்கு 2.10, சுளகுக்கு 1.10. "அடுப்பு வெண்டிட்டுது" என்று மற்ற இரண்டையும் நிறுத்தப் போனார். உண்மையில் மற்ற இரண்டும் ஓடவே இல்லை.

### முதலில் பார்க்க வேண்டியது: மூன்றும் ஒரே `Ad set` இல் இருக்கிறதா?

அநேகமாக இதுதான் காரணம். ஒரே தொகுதிக்குள் பல விளம்பரம் போட்டால், பேஸ்புக் முதல் சில மணித்தியாலத்தில் கிடைத்த சின்னச் சமிக்ஞையை வைத்துக்கொண்டு ஒன்றின் மேல் காசைக் கொட்டிவிடும். அது உங்களுக்காகச் சோதனை செய்யவில்லை, மலிவான முடிவைத் தேடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியது: `Amount spent` என்ற நிரலைப் பாருங்கள். அதிகம் செலவழித்ததும் குறையச் செலவழித்ததும் இரண்டு மடங்குக்கு மேல் விலகி நின்றால் முடிவை ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு வீடியோவையும் தனி `Ad set` இல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சம பட்ஜெட் கொடுங்கள்.

### தனித்தனியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்படியே என்றால்

மேலே முழுக் `Campaign` இல் `Advantage campaign budget` போடப்பட்டிருக்கும். அது பட்ஜெட்டை மேலே இருந்து பிரிக்கும், பிரிப்பதும் தன் விருப்பப்படி. அதை நிறுத்திவிட்டு பட்ஜெட்டைத் தொகுதி மட்டத்துக்கு இறக்குங்கள்.

### அதுவும் இல்லை என்றால்

தனித்தனித் தொகுதியாக இருந்தாலும் ஒரே ஆள் இரண்டு வீடியோவையும் பார்த்துவிடலாம். செவ்வாய் அடுப்பைப் பார்த்து, வியாழன் சுளகைப் பார்த்து, சுளகின் வழியாக மெசேஜ் அனுப்பினால் அந்தப் பெருமை யாருக்கு? இதற்குத்தான் `A/B test` இருக்கிறது. அது ஆட்களைக் கலந்து பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு வீடியோ மட்டும் காட்டும். ஐந்து வடிவம் வரை வைக்கலாம், ஒரு நாள் முதல் 30 நாள் வரை ஓட்டலாம். நான் ஏழு நாளுக்குக் குறைய ஓட்டுவதில்லை. தனிச் செலவு கிடையாது, ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் முழுக் காசு வேண்டும். அக்காவுக்கு மூன்று வடிவம், நாளுக்கு 5 டொலர் வீதம், ஏழு நாளில் 105 டொலர். அந்தக் காசு இல்லை என்றால் வடிவத்தை இரண்டாகக் குறையுங்கள். நாட்களைக் குறைக்க வேண்டாம்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விளம்பரம் பூச்சியத்தில் நின்றால், அது நிராகரிக்கப்பட்டதா, அட்டையிலிருந்து காசு எடுபடவில்லையா என்று பாருங்கள். அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்பது நீங்களே செய்யக்கூடியது. கணக்கே முடக்கப்பட்டிருந்தால் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், `Business settings` இல் அவரை ஆளாகச் சேர்த்து வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கிறவர் தொழில் தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம்.

## அறிகுறி 2: திங்கள் ஒன்று வெல்கிறது, வியாழன் மற்றது வெல்கிறது

காசு சமமாகப் போகிறது, ஆனால் முன்னுக்கு நிற்கும் வீடியோ நாளுக்கு நாள் மாறுகிறது. இதைப் பார்த்ததும் பலர் "பேஸ்புக் விளையாடுது" என்பார்கள். விளையாடுவது எண்ணிக்கைதான்.

### முதல் காரணம்: எண்ணிக்கை போதாது

இரண்டாம் நாள் பார்க்கும்போது சுளகுக்கு 9 மெசேஜ், அடுப்புக்கு 5. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று தோன்றும். காசைச் சுண்டிப் பதினான்கு தடவையில் ஒன்பது தலை விழுந்தால் யாரும் அதிசயப்பட மாட்டோம், இதுவும் அப்படித்தான்.

இதற்கு நான் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு வடிவத்துக்கும் சமமாகக் காசு போயிருந்தால், வந்த மெசேஜ் எண்ணிக்கைகளைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் வித்தியாசம் என்று பேசலாம்.

```
வித்தியாசம் > 2 × √(முதலாவது + இரண்டாவது)
```

9 க்கும் 5 க்கும் வித்தியாசம் 4. √14 ஐ இரண்டால் பெருக்கினால் 7.5. எனவே ஒன்றும் சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும். போனில் உள்ள கணிப்பானே போதும்.

அக்காவுக்கு ஏழு நாள் முடிவில் வந்தது இது: சுளகு 63, அடுப்பு 41, பெட்டி 22. சுளகுக்கும் அடுப்புக்கும் வித்தியாசம் 22. √104 இன் இரண்டு மடங்கு 20.4. தாண்டிவிட்டது, ஆனால் மயிரிழையில். மூன்று வடிவத்தை வைத்தால் மூன்று சோடி ஒப்பீடு வருகிறது. ஒப்பீடு கூடக் கூட, அவற்றில் ஒன்று தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பும் கூடும். அதனால் மயிரிழை வெற்றியை நான் நம்புவதில்லை. பெட்டி தெளிவாகப் பின்தங்கியதால் அதை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் இன்னொரு வாரம் ஓட்டினோம். சுளகு 58, அடுப்பு 39. இரண்டு வாரமும் சேர்த்து 121 க்கு 80, வித்தியாசம் 41, எல்லை 28.4. இப்போது மெசேஜ் எடுப்பதில் சுளகுதான் என்று சொல்லலாம். மெசேஜ் எடுப்பதில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது அறிகுறி 5 இல் வரும்.

### இரண்டாவது: இடையில் கை வைத்தீர்களா?

வீடியோவை மாற்றுவது, ஆட்களை மாற்றுவது, ஏழு நாளுக்கு மேல் நிறுத்தி வைத்துத் திரும்பத் தொடங்குவது எல்லாமே அந்தத் தொகுதியை, யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் படித்துக்கொண்டிருக்கும் `Learning` நிலைக்குத் திருப்பி அனுப்பும். அந்த நிலையிலிருந்து வெளியே வர ஒரு வாரத்துக்குள் 50 முடிவு அளவில் வேண்டும் என்று பேஸ்புக்கே சொல்கிறது. அக்காவின் பட்ஜெட்டில் அந்த 50 வருவதற்கே வாரம் முடிந்துவிடும். ஒரு வடிவத்தில் மட்டும் கை வைத்தால் ஒன்று படித்துக்கொண்டிருக்கும்போது மற்றது படித்து முடித்திருக்கும், ஒப்பீடு கெட்டது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாத பிழை என்றால் எல்லாவற்றையும் நிறுத்தி, திருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குங்கள்.

### மூன்றாவது: ஒரே நேரத்தில் ஓடவில்லை

"இந்த வாரம் அடுப்பு, அடுத்த வாரம் சுளகு" என்று ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும் வாரம் முல்லைத்தீவுப் பக்கத்தில் யார் போனைப் பார்த்துத் தூள் வாங்கப் போகிறார்கள்? காலபோக அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் நாளும் விதைப்புக்குக் கடன் வாங்கும் நாளும் ஒன்றா? ஒரே நாளில், ஒரே மணிக்குத் தொடங்கி, ஒரே மணிக்கு முடிக்க வேண்டும். அப்போது பொங்கல் வந்தாலும் மழை வந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே வரும்.

### நாலாவது: ஊர் சின்னது

இது வன்னிக்கே உரிய பிரச்சினை. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் சனத்தொகை ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் அளவுதான். அதில் சிறுவர், பேஸ்புக் பாவிக்காதவர், வயதெல்லைக்கு வெளியே உள்ளவர் போக மிச்சத்தை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் கிடைப்பது சின்னக் கூட்டம். ஒரே முகங்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டும். ஒரு ஆளுக்குச் சராசரியாக எத்தனை தடவை காட்டியது என்று சொல்லும் `Frequency` என்ற நிரலைப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் அது 3, 4 என்று ஏறினால், நீங்கள் அளப்பது கருவை அல்ல, சனத்தின் சலிப்பை.

தீர்வு, அனுப்ப முடியும் பொருள் என்றால் வடமாகாணம் முழுவதையும் கொழும்பையும் சேர்த்து விரிப்பது. அனுப்ப முடியாத பொருள் என்றால், உதாரணமாக ஊருக்குள் மட்டும் விற்கும் கேக், இரண்டு வடிவத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது.

### இன்னும் சந்தேகம் என்றால் ஒரு வாரம் செலவழியுங்கள்

ஒரே வீடியோவை இரண்டு வடிவமாகப் போட்டு `A/B test` ஓட்டுங்கள். வித்தியாசமே இல்லாததை ஒப்பிடும்போது எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்று பார்ப்பதற்கு. அக்காவின் அடுப்பு வீடியோவை அப்படிப் போட்டபோது 47 உம் 35 உம் வந்தது. ஒரே வீடியோ! அந்த 12 ஐப் பார்த்த பிறகுதான் அவர் காலையில் எழும்பினதும் எண்ணிக்கை பார்த்து எனக்குப் போன் எடுப்பதை விட்டார்.

## அறிகுறி 3: தெளிவாக வென்றது, ஆனால் திரும்பப் போட்டால் வெல்லவில்லை

இதுதான் ஆளைக் குழப்பும் அறிகுறி. எண்ணிக்கை போதும், காசு சமம், நேரம் சமம். வென்ற வீடியோவின் வழியில் இன்னொன்று எடுத்துப் போட்டால் படுத்துவிடுகிறது. காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஒன்றை மாற்றினோம் என்று நினைத்தோம், இரண்டு மாறியிருக்கிறது. அந்த இரண்டாவது எங்கே ஒளிந்திருக்கும் என்று எளியதிலிருந்து தொடங்குகிறேன்.

### பழைய பதிவைப் பூஸ்ட் பண்ணினீர்களா?

ஒரு வீடியோ ஏற்கனவே பக்கத்தில் போட்ட பதிவு, அதில் லைக் கிடக்கிறது, கொமென்டில் "எங்கட அக்கான்ர தூள் நல்லது" என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். மற்றது புதிதாகப் பதிவேற்றியது, மொட்டையாக நிற்கிறது. இங்கே வென்றது வீடியோ அல்ல, கொமென்ட். எல்லா வடிவத்தையும் புதிதாகப் பதிவேற்றுங்கள், இல்லை எல்லாவற்றையும் ஒரே நாளில் பதிந்த பதிவாக எடுங்கள்.

### சட்டத்தின் அளவு ஒன்றா?

போனை நிமிர்த்தி எடுத்த வீடியோ திரையில் கூட இடம் பிடிக்கும், சதுர வீடியோ குறைய இடம் பிடிக்கும். ஒன்றை அக்காவின் மகளும் மற்றதைப் பக்கத்து வீட்டுத் தம்பியும் எடுத்தால் இந்தப் பழுது நிச்சயம். எல்லாவற்றையும் 4:5 க்கு வெட்டுங்கள். பிறகு `Breakdown` இல் `Placement` வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று ரீல்ஸில் மட்டும் வென்று, வழமையான ஓட்டத்தில் தோற்றிருந்தால், அளவுதான் ஒளிந்திருக்கும் கள்ளன்.

### `Advantage+ creative` திறந்திருக்கிறதா?

விளம்பரம் போடும் இடத்தில் கீழே போனால் பாட்டுச் சேர்ப்பது, வெளிச்சம் கூட்டுவது, எழுத்தை மாற்றிப் போடுவது, கொமென்டை மேலே காட்டுவது என்று தானாகச் செய்யும் பல சொடுக்கிகள் இருக்கும். சில முன்கூட்டியே திறந்திருக்கும். உங்கள் அடுப்புச் சத்தத்துக்கு மேலே யாருடையதோ பாட்டு ஓடினால் நீங்கள் எதைச் சோதித்தீர்கள்? சோதனைக்காலம் முடியும் வரை எல்லாவற்றையும் மூடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்திலும் தனித்தனியாக மூட வேண்டும். ஒன்றில் மூடி மற்றதில் மறந்துவிடுவது எனக்கே இரண்டு தடவை நடந்தது.

### எழுத்து எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது?

இதைத் தமிழில் விளம்பரம் போடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் சொற்கள் நீளம். படத்துக்கு மேலே உள்ள எழுத்தில் முதல் சில வரிதான் தெரியும், மிச்சம் `See more` க்குப் பின்னால் போய்விடும். முதல் வரியை மட்டும் மாற்றினோம் என்று இருப்போம். "கலப்படமில்லாத வறுத்தரைத்த மிளகாய்த்தூள்" என்ற வரி "அம்மா வறுத்த தூள்" என்ற வரியைவிட இரண்டு மடங்கு நீளம். நீள வரி போட்ட விளம்பரத்தில், இரண்டாவது வரியில் இருந்த "நாடு முழுவதும் அனுப்புவோம்" மறைந்துவிடும். மற்றதில் தெரியும். மாறியது முதல் வரி மட்டுமல்ல, அனுப்புவோம் என்ற செய்தியும்தான்.

சோதிப்பது எளிது. முன்னோட்டத்தைக் கணினியில் பார்க்காமல் உங்கள் கைப்போனுக்கு அனுப்பி, வெட்டுப்படும் இடத்தை ஒவ்வொரு வடிவத்திலும் பாருங்கள். நான் செய்வது, மாற்றும் வரியின் நீளத்தைச் சமமாக்குவது. முடியாவிட்டால் முக்கியமான செய்தியை வீடியோவுக்குள்ளேயே கொண்டுபோவது.

இன்னொன்று. படத்தில் எழுத்தைப் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய கடைகள் நம்மிடம் இன்னும் உண்டு. படத்துக்கு அது பிரச்சினையில்லை. அதையே எடுத்துப் பதிவின் எழுத்துப் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒரு கருவாட்டு விளம்பரம் இரண்டு நாள் அப்படியே ஓடிக் கிடந்தது. யூனிகோட்டில் மாற்றி ஒட்டுங்கள்.

### வட்ஸ்அப் வாசலில் என்ன எழுதியிருக்கிறது?

விளம்பரத்தை அழுத்தினால் வரும் வரவேற்பு வரியும், ஆள் அனுப்புவதற்குத் தயாராக நிற்கும் கேள்வியும் ஒவ்வொரு விளம்பரத்திலும் தனித்தனியாக இருக்கலாம். ஒன்றில் "விலை என்ன?" என்று தயாராக நின்று, மற்றதில் ஒன்றும் இல்லாவிட்டால் முதலாவதுக்கு மெசேஜ் கூடத்தான் வரும். `Message template` ஐத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள்.

### ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

மேலே உள்ள ஐந்தும் வீட்டிலேயே பார்க்கலாம், காசு வேண்டாம். ஓடர் வட்ஸ்அப்பில் இல்லாமல் இணையத்தளத்தில் வருகிறது என்றால் கதை வேறு. தளத்தில் உள்ள எண்ணும் கருவியான `Pixel` ஒரு ஓடரை இரண்டாக எண்ணலாம், சில ஓடரைத் தவறவிடலாம். கையில் இருக்கும் ஓடர் கொப்பியும் திரையில் காட்டும் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று கண்டால் நீங்களே நோண்ட வேண்டாம், தளத்தைக் கட்டிக் கொடுத்தவரிடம் காட்டுங்கள். அது சரியாகும் வரை எந்தச் சோதனையும் ஓட்ட வேண்டாம்.

## அறிகுறி 4: எல்லாம் ஒரே மாதிரி வருகிறது

மாற்றம் மிகச் சின்னது. எழுத்தின் நிறத்தைச் சிவப்பிலிருந்து பச்சையாக்கியவருக்கு 35 டொலரில் எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் உண்மையில் இருந்தாலும் தெரியாது. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கும் எண்ணிக்கை பெரிய நிறுவனத்துக்குத்தான் வரும். சின்ன பட்ஜெட்டில் பெரிய மாற்றத்தை மட்டும் சோதியுங்கள், அதாவது கருவை.

கருவே மாறியும் ஒரே மாதிரி என்றால், மூன்று கருவும் உண்மையில் ஒரே பேச்சா என்று பாருங்கள். அடுப்பு, அம்மி, உரல் என்று மூன்று வீடியோ எடுத்த ஒருவருக்கு மூன்றும் "பழைய கைப்பக்குவம்" என்ற ஒரே கருதான். மூன்றும் வேறு பேச்சு, மூன்றும் ஒரே மாதிரி மோசம் என்றால் பழுது விளம்பரத்தில் இல்லை. விலையையும் பொருளையும் பாருங்கள்.

## அறிகுறி 5: மெசேஜ் குவிகிறது, ஓடர் இல்லை

அக்காவின் கதைக்குத் திரும்புவோம். சுளகு 121 மெசேஜ், அடுப்பு 80. எல்லாக் காசையும் சுளகுக்கு மாற்றுவோம் என்று சொல்ல இருந்தேன். அக்கா கொப்பியைத் திறந்தார். சுளகால் வந்த ஓடர் 24, அடுப்பால் வந்தது 21.

### முதலில்: எந்த ஓடர் எந்த வீடியோவால் வந்தது என்று தெரியுமா?

விளம்பரத்தால் தொடங்கிய உரையாடலின் தலைப்பில் அந்த விளம்பரத்தின் சின்னப் படம் வட்ஸ்அப்பில் தெரியும். அதைப் பார்த்த உடனேயே வட்ஸ்அப் பிசினஸில் லேபிள் ஒட்டிவிட வேண்டும், சுளகுக்கு ஒரு நிறம், அடுப்புக்கு ஒரு நிறம். வாரக் கடைசியில் ஞாபகத்தில் ஒட்டலாம் என்றால் முடியாது. இதைச் செய்யாதவர்கள் இந்த அறிகுறிக்கு மேலே போகவே முடியாது.

### அளவுகோல் சரியா?

அதே கணக்கை ஓடருக்குப் போட்டோம். 24 க்கும் 21 க்கும் வித்தியாசம் 3. √45 இன் இரண்டு மடங்கு 13.4. ஒன்றும் சொல்ல முடியாது. சுளகு ஆட்களைப் பேச வைக்கிறது, ஆனால் கூட வாங்க வைக்கிறதா என்று தெரியாது. "எத்தினை கிராம் வெந்தயம் போடுறீங்கள்?" என்று செய்முறை கேட்டுப் போனவர்களும் அந்த 121 இல் இருந்தார்கள். கிராம் கணக்குச் சொன்னால் அதைக் கேட்டு எழுதத்தானே வருவார்கள்.

இன்னும் சில வாரம் ஓட்டினால் தெரியாதா என்று அக்கா கேட்டார். வித்தியாசம் உண்மையாகவே 24 க்கு 21 என்ற அளவுதான் என்றால், அதை உறுதியாக்க இதுவரை செலவழித்ததைப் போல இருபது மடங்கு வேண்டும். இரண்டு வடிவத்துக்கும் இரண்டு வாரத்துக்குப் போனது 140 டொலர். இருபது மடங்கு 2,800 டொலர். அந்தக் காசில் அரைக்கும் இயந்திரத்துக்குப் பாதி விலை கொடுக்கலாம் என்றார். இந்தக் கேள்வியை அந்த இடத்தில் விட்டுவிட்டோம். விடை தெரியாமல் விடுவதும் சோதனையில் ஒரு முடிவுதான், இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

### பதில் போகும் நேரத்தைப் பாருங்கள்

பிந்திப் பதில் போன மெசேஜ்களைத் தனியாக எண்ணினோம். அக்கா மில்லில் நிற்கும் காலை நேரத்தில் வந்தவற்றுக்குப் பின்னேரம்தான் பதில் போயிருந்தது. இரண்டு வீடியோவுக்கும் இது சமமாக நடந்ததால் ஒப்பீடு கெடவில்லை, ஓடர்தான் குறைந்தது. வீடியோவைத் தொட முன் இதைத் திருத்துங்கள், காசு செலவில்லை.

### விலை எங்கே இருக்கிறது?

அடுத்ததாகச் சுளகை அப்படியே வைத்து, கடைசி மூன்று வினாடியில் உள்ள விலை வரியை மட்டும் மாற்றினோம். பழையதில் பக்கெற் விலை மட்டும். புதியதில் அனுப்பும் செலவும் சேர்ந்த விலை. ஒரே நீள எழுத்து, ஒரே இடம், ஒரே குரல். ஏழு நாள் முடிவில் பழையதுக்கு 60 மெசேஜ், புதியதுக்கு 37. வித்தியாசம் 23, எல்லை 19.7. மெசேஜ் உண்மையாகவே குறைந்துவிட்டது. ஓடர் பழையதில் 12, புதியதில் 15. அந்த 3 இல் ஒன்றும் சொல்ல முடியாது என்று அக்காவுக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை, அவரே கணிப்பானைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

"ஓடர் குறையேல்லை, கதை குறைஞ்சிருக்கு. எனக்கு அது காணும் தம்பி" என்று புதியதை வைத்துக்கொண்டார். இப்போது அதே வரியை அடுப்பு வீடியோவில் மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம், வெள்ளிக்கிழமை ஏழு நாள் முடிகிறது.